சுவருக்குள் புகுந்து போகும் பந்து

விண்டோஸ் எக்ஸ்பி இருந்த கணினியில் வேலை பார்த்தவர்கள் யாரும் ‘ஸ்பேஸ் கேடட்’ பின்பாலை மறந்திருக்க மாட்டார்கள். சாய்ந்த மேசை, வலது ஓரத்தில் பந்தை ஏவும் ஸ்பிரிங் தண்டு, கீழே பந்தைத் தட்டி மேலே அனுப்ப இரண்டு குட்டி மட்டைகள். Z விசையைத் தட்டினால் இடது மட்டை எழும், / விசைக்கு வலது மட்டை எழும். சினிமாட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு 1995-ல் விண்டோஸ் 95-க்கான ‘பிளஸ்’ தொகுப்போடு வந்தது. எக்ஸ்பி வரை கூடவே இருந்தது. விஸ்டாவில் காணாமல் போனது.

ஏன் காணாமல் போனது என்பதை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2012-ல் எழுதினார். பழைய 32 பிட் நிரலை 64 பிட்டுக்கு மாற்றியபோது விளையாட்டு திறந்தது, பந்தும் ஏவுதளத்துக்கு வந்தது. ஆனால் அங்கே நிற்கவில்லை. ஸ்பிரிங் தண்டுக்குள் புகுந்து, மெல்ல இறங்கி, மேசையின் அடிவழியாக வெளியே போய்விட்டது. எதன் மீதும் பந்து மோதவே இல்லை. தசம எண்களைக் கணக்கிடுவதில் வந்த சிறு வேறுபாடு மோதலைக் கண்டறியும் பகுதியைக் குழப்பியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். விளக்கக் குறிப்புகளே இல்லாத, வேறொரு நிறுவனம் எழுதிய நிரலில் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. அதனால் விளையாட்டையே எடுத்துவிட்டார்கள்.

கணினிக்குள் இரும்பும் இல்லை, மரமும் இல்லை. ‘பந்து இங்கே இருக்கிறது, சுவர் அங்கே இருக்கிறது’ என்று சொல்லும் எண்கள்தான் இருக்கின்றன. பந்து சுவரைத் தாண்டக்கூடாது என்பதை ஒவ்வொரு கணமும் யாராவது கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். நிஜ மேசையில் பொருட்கள் தாமாகவே செய்துவிடும் மூன்று வேலைகள் உண்டு: துள்ளலில் வேகத்தை இழப்பது, அளவுக்கு மீறிய வேகத்தை எட்டாமல் இருப்பது, எங்கேயாவது சிக்கினால் அதிர்வில் நழுவி வருவது. நிரல் எழுதுபவர் இந்த மூன்றையும் தனித்தனியாக, சரியான வரிசையில் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. பின்பால் விளையாட்டின் சுவாரஸ்யமான சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் நிஜ மேசை. வழக்கமான பின்பால் மேசையின் ஆடுதளம் சுமார் 51 செ.மீ. அகலமும் 107 செ.மீ. நீளமும் கொண்டது. பந்து 27 மி.மீ. விட்டமுள்ள எஃகு உருண்டை, எடை 80 கிராம். மேசையின் பின்பக்கம் சற்றே தூக்கியிருக்கும். இப்போதைய இயந்திரங்களில் சாய்வு ஆறரை டிகிரி அளவில் இருக்கும். இவ்வளவு சிறிய சாய்வில் புவியீர்ப்பின் முழு பலமும் பந்தை இழுப்பதில்லை, ஒன்பதில் ஒரு பங்குதான் சரிவுக்குள் வருகிறது. அதிலும் ஒரு பகுதி பந்தை உருட்டுவதில் செலவாகிவிடுகிறது. மிஞ்சும் முடுக்கம் விநாடிக்கு விநாடி 0.8 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். எந்தத் தடையும் இல்லாமல் மேசையின் உச்சியிலிருந்து பந்தை விட்டால் கீழே வந்துசேர ஒன்றரை விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அப்போது அதன் வேகம் விநாடிக்கு 1.3 மீட்டர்தான்.

ஆக, பின்பால் பந்து இயல்பில் நிதானமானது. அதற்கு வெறி பிடிக்கவைப்பது ஃபிளிப்பர்களும் பம்பர்களும்தான். ஃபிளிப்பர் ஆரம்பத்திலிருந்தே இருந்த உறுப்பு அல்ல. 1947-ல் காட்லீப் நிறுவனத்துக்காக ஹாரி மாப்ஸ் வடிவமைத்த ‘ஹம்ப்டி டம்ப்டி’ மேசையில்தான் அது முதலில் வந்தது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஃபிளிப்பர்கள். அதற்கு முன்பு பந்தை ஏவிவிட்டால் ஆட்டக்காரர் செய்யக்கூடியது மேசையை லேசாக உலுக்குவது மட்டுமே.

ஃபிளிப்பரைத் தூக்குவது ஒரு மின்காந்தச் சுருள். சுருளுக்குள் ஓர் இரும்புத் தண்டு. பொத்தானை அழுத்தினால் மின்சாரம் பாய்ந்து தண்டு உள்ளே இழுக்கப்படுகிறது, அதோடு இணைந்த அச்சு திரும்புகிறது, மட்டை எழுகிறது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பந்தை அடிக்க வேண்டிய அந்த நொடித் துணுக்குக்கு நிறைய மின்சாரம் வேண்டும். ஆனால் ஆட்டக்காரர் பொத்தானை விடாமல் பிடித்திருந்தால் அதே மின்சாரம் சுருளைக் கருக்கிவிடும். அதனால் சுருளில் இரண்டு சுற்றுகள் வைத்தார்கள். தடித்த கம்பியில் தடை குறைந்த ஒன்று, அடிப்பதற்கு. மெல்லிய கம்பியில் தடை மிகுந்த இன்னொன்று, பிடித்து வைப்பதற்கு. மட்டை உச்சியை எட்டியதும் ஒரு சிறு சுவிட்ச் திறந்து முதல் சுற்றை விலக்கிவிடுகிறது. பழைய இயந்திரத்தில் ஃபிளிப்பர் சோர்ந்துபோனால் பழுது பார்ப்பவர் முதலில் பார்ப்பவற்றில் ஒன்று இந்தச் சுவிட்ச். அதன் முனைகள் கருகியிருந்தால் பலமான சுற்றுக்கு முழு மின்சாரமும் போகாது, பந்து மேலே உள்ள சரிவுப் பாதையை எட்டாமல் பாதி வழியில் திரும்பிவிடும்.

இந்த ஃபிளிப்பரை இப்போது கணினிக்குள் கொண்டுவருவோம். கணக்குக்கு எளிதான எண்களை எடுத்துக்கொள்கிறேன். மட்டையின் நீளம் 76 மி.மீ. அது எழும்போது 50 டிகிரி திரும்புகிறது. கோண வேகம் விநாடிக்கு 40 ரேடியன், அதாவது முழு வீச்சும் 22 மில்லிசெகண்டில் முடிந்துவிடும்.

கணினித் திரை விநாடிக்கு 60 படங்களைக் காட்டுகிறது. நிரலைப் புதிதாக எழுதுபவர்கள் இயற்பியல் கணக்கையும் அதே தாளத்தில் ஓட விடுவார்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட் இடைவெளி. அந்த இடைவெளியில் நம் மட்டை 38 டிகிரி திரும்பிவிடுகிறது. முழு வீச்சு 50 டிகிரி என்பதை நினைத்துப் பாருங்கள். கணினியின் பார்வையில் மட்டை கீழே இருந்தது, அடுத்த கணத்தில் ஏறக்குறைய உச்சியில் இருக்கிறது. நடுவழியில் அது கடந்த இடத்தில்தான் பந்து இருந்தது. கணினி கேட்பதோ, ‘இப்போது மட்டையும் பந்தும் ஒன்றன்மேல் ஒன்று இருக்கின்றனவா?’ என்ற ஒரே கேள்வி. இல்லை என்பது பதில். பந்து மட்டைக்கு அடியில் போய்விட்டது. ஆட்டக்காரர் சரியான நேரத்தில் அடித்தும் பந்து காற்றில் போனதுபோல் நழுவுகிறது.

பந்து வேகமாக ஓடும்போதும் இதே கதைதான். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் பந்து ஒரு படத்துக்கு 83 மி.மீ. தாண்டுகிறது. பந்தின் விட்டம் 27 மி.மீ.தான். ஒரு மெல்லிய சுவர் நடுவில் இருந்தால் பந்து இந்தப் பக்கம் ஒரு படத்திலும் அந்தப் பக்கம் அடுத்த படத்திலும் தெரியும். சுவருக்குள் இருந்த கணத்தை யாருமே பார்க்கவில்லை. விளையாட்டு உருவாக்குபவர்கள் இதைச் சுரங்கம் போடுதல் என்றே சொல்வார்கள். மெதுவாக ஆடும்போது எல்லாம் ஒழுங்காக இருந்து, பலமாக அடிக்கும்போது மட்டும் பந்து மேசையை விட்டுக் காணாமல் போனால் நோய் இதுதான். சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு: சுவரை மூன்று மடங்கு தடிமனாக்கிப் பாருங்கள். கோளாறு குறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

சுவரைத் தடிமனாக்கிவிட்டுப் போகலாமே என்றால், ஃபிளிப்பரைத் தடிமனாக்க முடியாது. ஆட்டத்தின் உயிரே அதன் வடிவத்தில்தான் இருக்கிறது. நேரத்தை நறுக்குவதுதான் சரியான மருந்து. திரை 60 முறை மாறட்டும். கணக்கை விநாடிக்கு ஆயிரம் முறை ஓடவிட வேண்டும். ஆர்வலர்களிடையே புகழ்பெற்ற ‘விஷுவல் பின்பால்’ மென்பொருள் இப்படித்தான் ஒரு மில்லிசெகண்ட் அடிகளில் கணக்கிடுகிறது. அப்போது நம் மட்டை ஒவ்வொரு அடிக்கும் 2.3 டிகிரிதான் திரும்பும், அதன் நுனி 3 மி.மீ. நகரும். 5 மீட்டர் வேகப் பந்து 5 மி.மீ. நகரும். இரண்டும் எதிரெதிராக வந்தாலும் நெருங்கும் தூரம் 8 மி.மீ.; பந்தின் ஆரமோ பதின்மூன்றரை மி.மீ. ஒன்றை ஒன்று பார்க்காமல் கடந்துபோக வழியே இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது பந்தின் வேகத்தை மட்டுமல்ல, இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று வரும் வேகத்தை. பந்தை மட்டும் கணக்கில் வைத்து அடியின் நீளத்தைத் தீர்மானித்தவர்களின் விளையாட்டில் சுவர்கள் உறுதியாக இருக்கும், ஃபிளிப்பர் மட்டும் ஓட்டையாக இருக்கும்.

மோதலைக் கண்டுபிடித்தாயிற்று. இனித் துள்ளல். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் பட்டுத் திரும்பும்போது வந்த வேகத்தில் ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் திரும்புகிறது. அந்தப் பகுதி எவ்வளவு என்பதை ஓர் எண்ணால் சொல்லலாம். ஒன்று என்றால் வேகம் குறையவே இல்லை, பூஜ்யம் என்றால் ஒட்டிக்கொண்டது. இதைத் துள்ளல் எண் என்று வைத்துக்கொள்வோம். பின்பாலில் ரப்பர் வளையம் போட்ட கம்பத்துக்கு ஓர் எண், மரச் சுவருக்கு வேறு எண், தகரத்துக்கு இன்னொன்று. நம் ஃபிளிப்பர் ரப்பருக்கு 0.6 என்று எடுத்துக்கொள்கிறேன்.

அசையாத சுவரில் கணக்கு எளிது. சுவரை நோக்கி வந்த வேகத்தை 0.6-ஆல் பெருக்கித் திருப்பிவிட்டால் முடிந்தது. சுவரோடு உரசிப்போகும் திசையிலுள்ள வேகத்தைத் தொட வேண்டாம். ஆனால் ஃபிளிப்பர் தானே நகர்கிறது. அதனால் பந்தின் வேகத்தைப் பார்க்காமல், பந்து படும் புள்ளியிலிருந்து பார்த்தால் பந்து எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்க வேண்டும். மட்டையில் அந்தப் புள்ளியின் வேகம் அச்சிலிருந்து அதன் தூரத்தைப் பொறுத்தது. அச்சிலிருந்து 60 மி.மீ. தள்ளியுள்ள புள்ளி, நம் கோண வேகத்தில், விநாடிக்கு 2.4 மீட்டரில் எழுகிறது. 30 மி.மீ. தள்ளியுள்ள புள்ளி அதில் பாதி, 1.2 மீட்டர்.

மட்டையை நோக்கிப் பந்து நேராக விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. ஆட்டக்காரர் அடிக்கிறார். நுனிக்குப் பக்கத்தில், 60 மி.மீ.-ல் பட்டால் இரண்டும் நெருங்கும் வேகம் 3.4 மீட்டர். அதில் 0.6 பங்கு, ஏறத்தாழ 2 மீட்டர், திரும்பக் கிடைக்கிறது. அதோடு மட்டையின் சொந்த வேகம் 2.4 சேர்ந்துகொள்ள, பந்து சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் மேலே பறக்கிறது. அதே பந்து மட்டையின் நடுவே, 30 மி.மீ.-ல் பட்டிருந்தால் 2.5 மீட்டர்தான். மட்டை அசையாமல் இருந்திருந்தால் வெறும் 0.6 மீட்டர். அந்த வேகத்தில் பந்து ஒரு சாண் தூரம் ஏறிவிட்டுத் திரும்பிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்தக் கணக்கின் மறுபக்கத்தில் இருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் மட்டையைத் தூக்கி வைத்திருப்பார்கள். பந்து வந்து தொடும் கணத்தில் பொத்தானை விடுவார்கள். மட்டை கீழே இறங்கிக்கொண்டே பந்தை வாங்கும். பந்து துள்ளாமல் அப்படியே மட்டையில் அமர்ந்துவிடும். பார்ப்பவர்களுக்கு மந்திரம்போல் இருக்கும் இந்த வித்தைக்கு நிரலில் தனியாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. மேலே போட்ட அதே கணக்கில் மட்டையின் வேகத்தை எதிர்த்திசையில் போட்டுப் பாருங்கள். பந்து 1 மீட்டரில் வருகிறது, படும் புள்ளி 0.375 மீட்டரில் இறங்குகிறது. நெருங்கும் வேகம் 0.625. அதில் 0.6 பங்கு 0.375. துள்ளல் மேலே தள்ளும் வேகமும் மட்டை கீழே இறங்கும் வேகமும் சரிசமமாகிப் பந்து அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஒரு பின்பால் நிரல் ஃபிளிப்பரை ஒழுங்காகக் கணக்கிடுகிறதா என்று அறிய விரும்பினால் இந்த வித்தையைச் செய்து பாருங்கள். மட்டையின் வேகத்தைக் கணக்கில் எடுக்காமல், பொத்தானை அழுத்தினால் பந்துக்கு ஓர் உதை என்று மட்டும் எழுதியிருந்தால் இது ஒருபோதும் வராது. நுனிக்கும் நடுவுக்கும் வித்தியாசமும் இருக்காது, எங்கே பட்டாலும் ஒரே வேகம்.

கணக்கு முழுவதும் நிரலில் இவ்வளவுதான்:

```
vn = dot(ball.v - surface.v, n)
if (vn < 0) {
    e = (-vn < 0.05) ? 0 : 0.6
    ball.v -= (1 + e) * vn * n
}
ball.pos += overlap * n
```

`n` என்பது மோதும் பரப்பிலிருந்து வெளியே சுட்டும் திசை, `vn` அந்தத் திசையில் பந்தின் ஒப்பு வேகம். இரண்டாவது வரியில் உள்ள நிபந்தனை சின்னதாகத் தெரிந்தாலும் பெரிய வேலை செய்கிறது. பந்து பரப்பை நோக்கி வந்தால் மட்டும் திருப்பு, ஏற்கெனவே விலகிப் போய்க்கொண்டிருந்தால் விட்டுவிடு என்கிறது அது. இதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? பந்து சுவருக்குள் 2 மி.மீ. புகுந்த நிலையில் கணினி பார்க்கிறது, வேகத்தைத் திருப்புகிறது. வேகம் குறைந்துவிட்டதால் அடுத்த அடியில் பந்து முழுதாக வெளியே வரவில்லை. இன்னும் உள்ளே இருக்கிறதே என்று கணினி மறுபடியும் திருப்புகிறது. இப்போது பந்து உள்நோக்கிப் போகிறது. அப்படியே சுவரில் ஒட்டிக்கொண்டு நடுங்கும். பந்து சிக்கிக்கொள்கிறது என்று சொல்லப்படும் புகார்களில் பல உண்மையில் இந்த ஒரு நிபந்தனை இல்லாததால் வருபவை. கடைசி வரி பந்தை எவ்வளவு உள்ளே புகுந்ததோ அவ்வளவு வெளியே தள்ளிவைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் சுவர் சுவராக இருக்கும்.

மூன்றாவது வரியில் உள்ள 0.05-க்கும் காரணம் உண்டு. மட்டையில் உட்கார்ந்திருக்கும் பந்தைப் புவியீர்ப்பு ஒவ்வோர் அடியிலும் துளியளவு கீழே இழுக்கிறது, துள்ளல் துளியளவு மேலே தள்ளுகிறது. திரையில் பந்து ஓயாமல் துடிப்பதுபோல் தெரியும். அதனால் மிக மெதுவான மோதலில் துள்ளலே வேண்டாம் என்று வெட்டிவிடுகிறோம். மறுமுனையில், பலமான அடிகளில் நிஜ ரப்பரின் துள்ளல் குறைந்துபோகும். விஷுவல் பின்பாலில் வேகம் கூடக்கூடத் துள்ளல் எண்ணைக் குறைத்துக்கொண்டே போக ஒரு தனி அமைப்பே இருக்கிறது. அது இல்லாத மேசைகளில் வேகமான பந்துகள் பளிங்குக் கோலிபோல் தெறிக்கும், ரப்பரின் தன்மையே தெரியாது.

இனி பம்பர். காளான் வடிவத்தில், தொப்பிக்குள் விளக்கெரிய, மேசையின் மேற்பகுதியில் பெரும்பாலும் மூன்றாகக் கூடி நிற்பவை இவை. 1930-களில் வந்த முதல் பம்பர்கள் வெறும் ஸ்பிரிங் சுருள்கள். பந்து பட்டால் புள்ளி ஏறும், அவ்வளவுதான். பந்தைத் தானே உதைத்துத் தள்ளும் பம்பர் 1940-களின் இறுதியில் வந்தது. அதன் அடியில் தட்டுபோன்ற ஒரு விளிம்பு இருக்கும். பந்து அதன்மேல் ஏறினால் விளிம்பு சாய்ந்து அடியிலுள்ள சுவிட்சை மூடும். உடனே மின்காந்தச் சுருள் ஒரு வளையத்தைக் கீழே இழுக்கும். அந்த வளையத்தின் அடிப்புறம் சாய்வாக இருப்பதால் மேலிருந்து இறங்கும்போது பந்தை வெளியே பிதுக்கித் தள்ளுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, பம்பர் தரும் உதை பந்து வந்த வேகத்தைப் பெரிதாகச் சார்ந்ததல்ல. மெதுவாக வந்து தொட்டாலும், பாய்ந்து வந்தாலும் சுருளுக்குப் போகும் மின்சாரம் அதே அளவுதான். இதை மறந்து, பம்பருக்குத் துள்ளல் எண் 1.2 என்று கொடுத்துவிடுபவர்கள் நிறையப் பேர். ரப்பர் வேகத்தைக் குறைக்கிறது, பம்பர் கூட்டுகிறது, எனவே ஒன்றுக்கு மேல் ஓர் எண் போதுமே என்ற யோசனை முதல் பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று பம்பர்களுக்கு நடுவே பந்து மாட்டினால் ஒவ்வொரு மோதலிலும் வேகம் 1.2 மடங்காகும். பத்து மோதலில் ஆறு மடங்குக்கு மேல், இருபதில் முப்பத்தெட்டு மடங்கு. விநாடிக்கு 0.8 மீட்டரில் நுழைந்த பந்து இருபதாவது மோதலில் 30 மீட்டரைத் தாண்டியிருக்கும். ஒரு மில்லிசெகண்டுக்கு 30 மி.மீ. அத்தனை கவனமாக நேரத்தை நறுக்கியும் பந்து மறுபடி சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும்.

நான் பரிந்துரைக்கும் முறை நிஜ இயந்திரத்தைப் பின்பற்றுவதுதான். பந்து பம்பரைத் தொட்டதும் முதலில் சாதாரண ரப்பர்போல் வேகத்தைக் குறைத்துத் திருப்ப வேண்டும். பிறகு, பம்பரிலிருந்து விலகும் திசையில் அதன் வேகம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு, விநாடிக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், குறைவாக இருந்தால் அந்த அளவுக்கு உயர்த்த வேண்டும். கூடுதலாக இருந்தால் தொடக்கூடாது. ஆயிரம் முறை மோதினாலும் வேகம் ஓர் எல்லைக்குள்ளேயே நிற்கும். நிஜச் சுருளுக்கு ஒரு முறை இழுத்துவிட்டுத் திரும்ப எழக் கொஞ்ச நேரம் வேண்டும். அதேபோல் ஓர் உதைக்கும் அடுத்த உதைக்கும் இடையே சில பத்து மில்லிசெகண்ட் ஓய்வு கொடுத்துவிட்டால், ஒரே மோதலை இரண்டு மூன்றாக எண்ணிப் புள்ளிகளை அள்ளிக் கொடுக்கும் கோளாறும் தீர்ந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேகத்துக்கு ஒரு உச்சவரம்பு வைப்பது நல்லது. ஃபிளிப்பர், பம்பர், எதிரே வரும் இன்னொரு பந்து என்று எல்லாம் ஒரே கணத்தில் சேர்ந்துவிடும் அரிய சந்தர்ப்பங்கள் உண்டு. வரம்பு எவ்வளவு? ஓர் அடியில் பந்து தன் ஆரத்துக்கு மேல் நகரக்கூடாது என்பது கணக்கு சொல்லும் எல்லை. ஒரு மில்லிசெகண்ட் அடிக்கு அது விநாடிக்கு பதின்மூன்றரை மீட்டர். ஆனால் ஆட்டக்காரரின் கண் இதைவிடக் கண்டிப்பானது. விநாடிக்கு 6 மீட்டரில் போகும் பந்து மேசையின் முழு நீளத்தையும் 0.18 விநாடியில் கடந்துவிடும். மனிதர் ஒன்றைப் பார்த்துக் கையசைக்கவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிறது. அதற்கு மேல் வேகம் கொடுத்தால் ஆட்டம் கை மீறிப்போகும். அதனால் 6 மீட்டருக்குப் பக்கத்தில் வரம்பை வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

வரம்பை எப்படி வைக்கிறோம் என்பதும் முக்கியம். பந்தின் வேகம் இடம்-வலம், மேல்-கீழ் என்று இரண்டு எண்களாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அவசரத்தில் இரண்டையும் தனித்தனியாக 6-க்குள் வெட்டிவிடுவார்கள். மேல்நோக்கி 12, பக்கவாட்டில் 4 என்று போய்க்கொண்டிருந்த பந்து இப்போது 6-க்கு 4 என்று ஆகிவிடும். செங்குத்தாக ஏற வேண்டிய பந்து சாய்ந்து வேறு திசையில் போகும். குறிபார்த்து அடித்தவருக்கு என்ன நடந்தது என்றே புரியாது. மொத்த வேகத்தைக் கணக்கிட்டு இரண்டு எண்களையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் திசை மாறாது. பந்து எப்போதும் வரம்பிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அது வேறொரு செய்தி: துள்ளலோ உதையோ எங்கோ அளவு மீறியிருக்கிறது. வரம்பு அதை மறைத்து வைத்திருக்கிறது, சரிசெய்யவில்லை.

கடைசியாக, சிக்கிக்கொள்ளும் பந்து. நிஜ மேசையிலும் பந்து சிக்கும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே, கழன்ற ரப்பருக்குப் பின்னால், உடைந்த பிளாஸ்டிக்கின் மேல். மேலே கண்ணாடி மூடியிருப்பதால் கையால் எடுக்க முடியாது. மின்னணு இயந்திரங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. பந்து ஆட்டத்தில் இருந்தும் பத்துப் பதினைந்து விநாடியாக எந்தச் சுவிட்சிலிருந்தும் தகவல் வரவில்லையென்றால், இயந்திரம் தன்னிடமுள்ள சுருள்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்க்கும். பம்பர் உதைக்கும், உதைப்பான்கள் தட்டும், குழிகள் துப்பும். எங்கே பந்து இருந்தாலும் ஏதோ ஒன்று அதை அசைத்துவிடும் என்ற நம்பிக்கை. ஆட்டக்காரர் மட்டையைத் தூக்கிப் பந்தை வேண்டுமென்றே பிடித்து வைத்திருந்தால் தேடக்கூடாது. அது சிக்கல் அல்ல, உத்தி.

கணினிக்குள் சிக்கும் விதங்கள் இன்னும் விசித்திரமானவை. நிஜத்தில் வட்டமான ஒரு கம்பத்தின் உச்சியில் பந்தை நிறுத்தவே முடியாது. தூசு, அதிர்வு, மரத்தின் நெளிவு, ஏதாவது ஒன்று அதைச் சாய்த்துவிடும். கணினியில் தூசு இல்லை. பந்தின் மையமும் கம்பத்தின் மையமும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைந்துவிட்டால், புவியீர்ப்பு நேர் கீழே இழுக்கும், கம்பம் நேர் மேலே தள்ளும், பக்கவாட்டு விசை துல்லியமாகப் பூஜ்யம். பந்து அங்கேயே நின்றுவிடும். மெதுவான மோதலில் துள்ளலை வெட்டினோமே, அதுவும் இதற்குத் துணைபோகிறது. இரண்டு சுவர்கள் சேரும் மூலை கீழ்நோக்கிக் கூர்மையாக இருந்தால் அதுவும் பந்தைப் பிடித்துக்கொள்ளும். மேசையை வரையும்போதே தட்டையான படிகளும் கிண்ணம்போன்ற மூலைகளும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை போய்விடும்.

மிஞ்சுவதற்கு ஒரு காவலாள் வேண்டும். பந்து கடைசி மூன்று விநாடியில் தன் விட்டத்துக்கு மேல் நகர்ந்ததா என்று அது பார்க்கிறது. நகரவில்லையென்றால், தூக்கிய ஃபிளிப்பரில் இருக்கிறதா, ஏவுதளத்தில் காத்திருக்கிறதா, புள்ளி எண்ணும் குழிக்குள் வேண்டுமென்றே நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கிறது. மூன்றும் இல்லையென்றால்தான் சிக்கியிருக்கிறது. அப்போது ஏதோ ஒரு திசையில் சிறு தள்ளல், விநாடிக்கு 0.2 மீட்டர் போதும். கம்பத்தின் உச்சியில் நிற்கும் பந்துக்கு இதுவே அதிகம். இன்னும் மூன்று விநாடி கழித்தும் அசையவில்லையென்றால் பலமான தள்ளல். அதற்கும் அசையாவிட்டால் பந்தை எடுத்து ஏவுதளத்தில் வைத்துவிட வேண்டும், ஆட்டக்காரரின் கணக்கில் ஒரு பந்தைக் குறைக்காமல். தள்ளும் திசையை ஒவ்வொரு முறையும் மாற்றுவது அவசியம். எப்போதும் மேல்நோக்கியே தள்ளினால் பந்து நேராக எழுந்து நேராக அதே இடத்தில் விழும்.

இந்தக் காவலாளின் கண்ணில் படாத ஒரு வகையும் உண்டு. இரண்டு பம்பர்கள் நேருக்கு நேர், ஒரே மட்டத்தில் நின்றால் பந்து அவற்றுக்கு நடுவே போய்வந்துகொண்டே இருக்கலாம். இரண்டும் ஒரே உதை, திசையில் இம்மியும் மாற்றமில்லை. போய்வரும் நேரம் குறைவு என்பதால் புவியீர்ப்பு பந்தைக் கீழே இறக்குவதற்குள் அடுத்த உதை விழுந்துவிடுகிறது. வளைந்த பரப்பு மேலே தள்ளுவதும் சரிவு கீழே இழுப்பதும் ஈடாகிவிடும் ஓர் இடத்தில் பந்து சிறிது நேரம் அகப்பட்டுக்கொள்ளலாம். பந்து நகர்கிறது, சுவிட்சுகள் அடிக்கின்றன, புள்ளி ஏறுகிறது. நிஜ இயந்திரத்தின் தேடலும் இதைக் கண்டுபிடிக்காது. அதற்கு எண்ணிக்கைதான் வழி. வேறு எதையும் தொடாமல் அதே இரண்டு பம்பர்களை மட்டும் பந்து இருபது முறைக்கு மேல் தொட்டால், அடுத்த உதையின் திசையை இரண்டு மூன்று டிகிரி கோணலாக்கிவிட வேண்டும். இன்னும் நல்லது, பம்பரின் ஒவ்வொரு உதையிலும் ஆரம்பத்திலிருந்தே ஒரு டிகிரிக்குள் தற்செயலான விலகல் வைத்துவிடுவது. ஆட்டக்காரருக்கு அது தெரியப்போவதில்லை. ஃபிளிப்பரில் மட்டும் அந்த விலகலை வைக்கக்கூடாது, ஏனென்றால் அங்கே குறிபார்ப்பது அவர்.